கண்டது முதலில், காரணம் பிறகு

காலாண்டு விற்பனை அறிக்கை எழுத உட்காருகிறவர் பெரும்பாலும் நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவார். முதல் மாதம் எப்படித் தொடங்கியது, நடுவில் என்ன தடை வந்தது, கடைசி வாரத்தில் எப்படிச் சமாளித்தோம் என்று அது ஒரு கதையாக விரியும். ஆறு பக்கம் முடிந்த பிறகு, ஏழாவது பக்கத்தில் ஓர் அட்டவணையின் அடியில், நிர்வாகம் உடனே தெரிந்துகொள்ள வேண்டிய எண் உட்கார்ந்திருக்கும். நிர்வாக இயக்குநர் அந்தப் பக்கம் வரை வருவாரா என்பது அன்றைக்கு அவருக்கு எத்தனை கூட்டங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இப்படி எழுதுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. மக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் 1963-இல் சேர்ந்து, அலுவலக எழுத்தைச் சீராக்குவதையே பின்னாளில் தொழிலாகக் கொண்ட பார்பரா மின்டோ இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். யோசிக்கிறவர் தரவுகளில் தொடங்கி மெல்ல மெல்ல முடிவுக்கு ஏறுகிறார். படிக்கிறவருக்கோ முடிவு முதலில் வேண்டும், அதைத் தாங்கும் தரவுகள் அதன்கீழ் வேண்டும். எழுதுகிறவர் தான் ஏறிய படிகளிலேயே படிக்கிறவரையும் ஏற்றப் பார்க்கிறார். பிரிட்டனின் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், போர் உச்சத்தில் இருந்த 1940 ஆகஸ்ட் 9 அன்று தன் அரசின் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கியமானவற்றைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்பதே அதன் சாரம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நீண்ட அறிக்கையைச் சுருக்குவது வேறு, அதிலிருந்து கண்டறிந்தவற்றைப் பிரித்தெடுப்பது வேறு. ஓர் உதாரணத்தை முழுசாக நடத்திப் பார்ப்போம். நிறுவனமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அதில் வரும் தீபாவளித் தேதிகளும் புயலும் வெள்ளமும் உண்மையானவை.

கோயம்புத்தூரில் மிக்ஸி தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம். தமிழ்நாடு முழுக்க டீலர்கள் வழியாக விற்கிறது. 2023-24 நிதியாண்டின் மூன்றாம் காலாண்டு, அதாவது 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முடிந்துவிட்டது. ஜனவரி முதல் வாரத்தில் விற்பனைப் பிரிவு எழுதிய அறிக்கையின் மையப் பகுதி இப்படி இருக்கிறது:

"அக்டோபர் மாதம் பண்டிகை ஆர்டர்களுடன் உற்சாகமாகத் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லா மண்டலங்களிலும் நல்ல வரவேற்பு இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலாலும், 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பெருமழையாலும் விற்பனை பாதிக்கப்பட்டது. இருப்பினும் மேற்கு மண்டலக் குழுவின் கடும் உழைப்பாலும் ஆண்டிறுதி ஸ்கீமாலும் 44 கோடி டார்கெட்டைத் தாண்டி 44.8 கோடியை எட்டினோம். இது சென்ற ஆண்டின் இதே காலாண்டைவிட 12 சதவீதம் அதிகம். டீலர்களிடம் இருப்பு சற்றுக் கூடுதலாக உள்ளது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை அப்படியே ஐந்து வரியாகச் சுருக்கினால், "மழை வெள்ளத்தையும் மீறி 12 சதவீத வளர்ச்சி" என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். இயக்குநர் மகிழ்ந்து, அடுத்த காலாண்டுக்கு இன்னும் பெரிய டார்கெட் வைப்பார். அது தவறான முடிவாக இருக்கும். ஏன் என்று பார்க்கலாம்.

முதல் வேலை, பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரிப்பது. "என்ன ஆனது" என்று சொல்லும் பகுதிக்கு ஒரு கோடு. "ஏன் ஆனது" என்று சொல்லும் பகுதிக்கு இரட்டைக் கோடு. "நாங்கள் என்ன செய்தோம்" என்பதற்கு ஒரு வட்டம். உற்சாகமாகத் தொடங்கியது, நல்ல வரவேற்பு, கடும் உழைப்பு போன்றவை இந்த மூன்றிலும் அடங்காமல் நிற்கும். அவை எழுதியவரின் மனநிலை. சுருக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை.

"பெருமழையால் விற்பனை பாதிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. விற்பனை குறைந்தது என்பது ஒன்று. மழைதான் காரணம் என்பது இன்னொன்று. முதலாவதை பில் புத்தகம் நிரூபிக்கும். இரண்டாவதை பில் புத்தகம் நிரூபிக்காது. விற்பனை அறிக்கைகளில் இந்த "ஆல்" உருபு சத்தமில்லாமல் நிறைய வேலை செய்கிறது. காரணம் கண்டறிதலோடு ஒட்டி வரும்போது படிக்கிறவர் இரண்டையும் சேர்த்தே நம்பிவிடுவார். ஆகவே இப்படிப்பட்ட வாக்கியங்களை வெட்டிப் பிரிக்க வேண்டும். எவ்வளவு குறைந்தது, எங்கே, எதோடு ஒப்பிட்டு என்பது ஒரு பக்கம். மழை என்ற விளக்கம் இன்னொரு பக்கம்.

அடுத்தது, ஒவ்வொரு எண்ணையும் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்ப்பது. 12 சதவீதம் என்பது முந்தைய ஆண்டின் மூன்றாம் காலாண்டோடு ஒப்பிட்ட எண். 40 கோடி, 44.8 கோடியாயிற்று. கணக்கு சரி. ஆனால் 2022-இல் தீபாவளி அக்டோபர் 24 அன்று வந்தது. 2023-இல் நவம்பர் 12 அன்று வந்தது. பத்தொன்பது நாள் வித்தியாசம். பண்டிகைக்கு விற்க வேண்டிய மிக்ஸி, பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே கம்பெனியிலிருந்து லாரி ஏறிவிடும். 2022-இல் அந்தச் சரக்கில் பெரும்பங்கு செப்டம்பரிலேயே பில்லாகி, இரண்டாம் காலாண்டில் சேர்ந்துவிட்டது. 2023-இல் அதே சரக்கு அக்டோபரில் பில்லாகி, மூன்றாம் காலாண்டுக்கு வந்துவிட்டது. தீபாவளி தேதி மாறினால் விற்பனை காலாண்டு விட்டுக் காலாண்டு தாவும். வீட்டு உபயோகப் பொருள், ஜவுளி, இனிப்பு, பட்டாசு என்று பண்டிகையை நம்பியிருக்கும் எந்தத் தொழிலிலும் இது நடக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரு நேரான வழி இருக்கிறது. இரண்டு காலாண்டுகளையும் சேர்த்து, ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதமாகப் பார்ப்பது. எந்த ஆண்டானாலும் தீபாவளிச் சரக்கு முழுவதும் இந்த ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். நம் நிறுவனத்தில் 2022-இல் இரண்டாம் காலாண்டு 36 கோடி, மூன்றாம் காலாண்டு 40 கோடி, மொத்தம் 76. 2023-இல் 32 கோடியும் 44.8 கோடியும், மொத்தம் 76.8. பன்னிரண்டு சதவீத வளர்ச்சி ஒரு சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. இதுவரை பார்த்தது எல்லாம் கம்பெனி டீலருக்குப் போட்ட பில். டீலர் வாடிக்கையாளருக்கு எவ்வளவு விற்றார் என்பது வேறு கணக்கு. அதைக் கண்டுபிடிக்க, தொடக்கத்தில் டீலரிடம் இருந்த சரக்கோடு நாம் அனுப்பியதைக் கூட்டி, கடைசியில் மிஞ்சியிருப்பதைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் நம் பில் விலையிலேயே போட வேண்டும். இரண்டு ஆண்டுகளிலும் ஜூன் இறுதியில் டீலர்களிடம் 10 கோடிக்குச் சரக்கு இருந்தது. 2022 டிசம்பர் இறுதியில் 11 கோடி. 2023 டிசம்பர் இறுதியில் 15 கோடி. அப்படியானால் 2022-இல் கடைகளில் விற்றது 75 கோடி, 2023-இல் 71.8 கோடி. அதாவது நான்கு சதவீதம் குறைவு.

அறிக்கையின் கடைசி வாக்கியத்துக்கு இப்போது திரும்புங்கள். "இருப்பு சற்றுக் கூடுதலாக உள்ளது." அந்தச் "சற்று" என்ற சொல்லுக்குப் பின்னால் நான்கு கோடி ரூபாய்ச் சரக்கு குடோன்களில் கிடக்கிறது. அறிக்கையிலேயே மிக முக்கியமான செய்தி அதுதான். சற்று, ஓரளவு, கணிசமாக, எதிர்பார்த்ததைவிட என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் நின்று, அதற்குப் பின்னால் உள்ள எண்ணைக் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மழை என்ற விளக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் பார்த்துவிடலாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியது. 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அங்கெல்லாம் கடைகள் திறக்கவே இல்லை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூடுதலாகத் தேங்கிய நான்கு கோடியை மண்டலவாரியாகப் பிரித்தால் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் சேர்த்து 1.5 கோடிதான். மீதி 2.5 கோடி கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் கிடக்கிறது. அங்கே வெள்ளம் வரவில்லை. அங்கே இருந்தது ஆண்டிறுதி ஸ்கீம்: டிசம்பர் 31-க்குள் பத்து மிக்ஸி எடுத்தால் ஒன்று இலவசம். டிசம்பர் 22 முதல் 31 வரையிலான பத்து நாளில் மொத்தம் 5.2 கோடிக்கு பில் போட்டிருக்கிறார்கள். முந்தைய ஆண்டு அதே பத்து நாளில் 2.4 கோடிதான். கூடுதலாகப் போட்ட 2.8 கோடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் காலாண்டு விற்பனை 42 கோடி, டார்கெட்டுக்குக் கீழே.

இங்கேதான் எழுதுகிறவர் கவனமாக இருக்க வேண்டும். "டார்கெட்டுக்காகச் சரக்கைத் தள்ளிவிட்டார்கள்" என்று எழுதத் தோன்றும். அது கண்டறிந்தது ஆகாது, ஊகம். பில் தேதியும் ஸ்கீமின் கடைசித் தேதியும் சேர்ந்து வந்தது கண்டது. டீலர் ஜனவரியில் வாங்க வேண்டியதை ஸ்கீமுக்காக முன்கூட்டியே வாங்கியிருக்கலாம் என்பது பொருந்தக்கூடிய விளக்கம். யாருடைய நோக்கம் என்ன என்பது சுருக்கத்தின் வேலையே இல்லை.

இப்போது எழுதலாம். எதை முதலில் போடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வரியைப் படித்தால் இயக்குநர் எடுக்கப்போகும் முடிவு மாறுமா? மாறும் என்றால் மேலே. தெரிந்துகொண்டால் நல்லது என்ற அளவில் இருந்தால் கீழே, அல்லது இணைப்பில். இந்த அளவுகோலில் வைத்தால் 12 சதவீதம் முதலிடத்துக்கு வராது. ஆனால் அதை மறைக்கவும் கூடாது. இயக்குநர் அந்த எண்ணை வேறு இடத்தில் பார்த்திருப்பார், சுருக்கத்தில் காணோம் என்றால் சுருக்கத்தையே சந்தேகிப்பார். ஆகவே முதல் கண்டறிதலுக்குள்ளேயே அதற்கும் இடம் வேண்டும்.

நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"கண்டறிந்தவை

ஜூலை–டிசம்பர் ஆறு மாதத்தில் டீலர்கள் வாடிக்கையாளர்களுக்கு விற்றது 71.8 கோடி, சென்ற ஆண்டு 75 கோடி. 4 சதவீதம் குறைவு. மூன்றாம் காலாண்டில் நம் பில் 12 சதவீதம் உயர்ந்து 44.8 கோடியானாலும், ஆறு மாதக் கணக்கில் பில் உயர்வு 1 சதவீதமே.

டிசம்பர் இறுதியில் டீலர்களிடம் 15 கோடிக்குச் சரக்கு உள்ளது. சென்ற ஆண்டைவிட 4 கோடி அதிகம். இதில் 2.5 கோடி மேற்கு மண்டலத்தில்.

டிசம்பர் கடைசிப் பத்து நாளில் 5.2 கோடிக்கு பில் போடப்பட்டது. சென்ற ஆண்டு இதே நாட்களில் 2.4 கோடி.

முடிவு தேவைப்படுவது

மேற்கு மண்டலத்தில் இருப்பு குறையும்வரை புதிய ஸ்கீம் வேண்டாம் என்றும், தேங்கிய 4 கோடியைக் கணக்கில் கொண்டு ஜனவரி–மார்ச் டார்கெட்டைத் திருத்தலாம் என்றும் பரிந்துரைக்கிறோம்.

விளக்கம்

தீபாவளி அக்டோபர் 24-லிருந்து நவம்பர் 12-க்குத் தள்ளிப்போனதால் பண்டிகைச் சரக்கு இரண்டாம் காலாண்டிலிருந்து மூன்றாம் காலாண்டுக்கு வந்தது. பில் தேதிகள் இதை உறுதி செய்கின்றன. சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் தேங்கிய 1.5 கோடிக்கு வெள்ளம் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம். மேற்கு மண்டல இருப்புக்கு, டிசம்பர் 31-இல் முடிந்த ஸ்கீமை ஒட்டி டீலர்கள் முன்கூட்டி வாங்கியது காரணமாக இருக்கலாம். டீலர்களிடம் இன்னும் விசாரிக்கவில்லை. கடை விற்பனை ஏன் குறைந்தது என்பதற்கு இதுவரை தெளிவான காரணம் கிடைக்கவில்லை. இருப்புக் கணக்கு டீலர்கள் தந்தது. நாம் நேரில் எண்ணவில்லை."

நூற்றைம்பது சொற்களுக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஒரு பக்கத்தில் பாதிகூட நிரம்பாது.

விளக்கப் பகுதியில் மூன்று காரணங்களும் மூன்று வலுவில் நிற்பதைப் பார்க்கலாம். தீபாவளித் தேதிக்குச் சான்று இருக்கிறது, எனவே உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வெள்ளத்துக்கு இடமும் நேரமும் பொருந்துகின்றன, எனவே பெரும்பாலும். ஸ்கீமுக்குத் தேதி மட்டும் பொருந்துகிறது, எனவே இருக்கலாம். சுருக்கும்போது முதலில் பலியாகிறவை இந்தச் சின்னச் சொற்கள்தாம். எழுதுகிறவர் வரியை இறுக்குவதற்காக "இருக்கலாம்" என்பதை வெட்டிவிடுவார். மூன்று ஊகங்கள் மூன்று உண்மைகளாக மாடிக்குப் போய்ச் சேரும். அதேபோல் "நாம் நேரில் எண்ணவில்லை" என்ற கடைசி வாக்கியம். முதல் கண்டறிதலே அந்த இருப்புக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. ஸ்டாக் பட்டியல் தவறென்றால் நான்கு சதவீதமும் தவறு. இப்படி மேலே உள்ளதைத் தாங்கும் எச்சரிக்கையை எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் விடக்கூடாது.

இந்தச் சுருக்கத்தை விற்பனை மேலாளரிடம் காட்டினால் என்ன நடக்கும் என்பது அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

"என்னம்மா இது, டார்கெட் அடிச்சிருக்கோம். அதைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே?"

"44.8 கோடி முதல் பத்தியிலேயே இருக்கு சார். டார்கெட் 44-ன்னு அதுலயே சேர்த்துடறேன்."

"சரி. ஸ்கீம் என்னவோ நானா போட்டது மாதிரி இருக்கு. ஹெட் ஆபீஸ் அனுமதி கொடுத்த ஸ்கீம் அது."

"அதையும் விளக்கத்துல எழுதிடறேன் சார். இருப்பு 15 கோடிங்கிறதுல ஏதாவது மாத்தணுமா?"

"அது சரிதான்."

மேலாளர் கேட்ட இரண்டும் நியாயமானவை. டார்கெட்டைத் தாண்டியது ஓர் உண்மை, விட்டிருக்கக் கூடாது. ஸ்கீமுக்கு யார் அனுமதி தந்தார்கள் என்பதும் விளக்கத்தில் இருக்க வேண்டியதே, ஏனென்றால் அடுத்த ஸ்கீமை நிறுத்தச் சொல்லும் பரிந்துரை அந்த அனுமதி தந்தவரிடம்தான் போகிறது. கண்டறிதலையும் விளக்கத்தையும் பிரித்து எழுதுவதன் உண்மையான பலன் இந்த இடத்தில் தெரிகிறது. விளக்கத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், திருத்தலாம், சேர்க்கலாம். 15 கோடி அசையாமல் நிற்கிறது. இரண்டும் பின்னிக் கிடந்த பழைய அறிக்கையில், காரணத்தை மறுக்கத் தொடங்கினால் எண்ணும் சேர்ந்தே மங்கிப்போகும்.

எதிர்மாறான தவறும் உண்டு. கண்டறிதல் முதலில் என்று கேட்டவுடன் எண்களை மட்டும் பத்து வரியாக அடுக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேலம் இவ்வளவு, மதுரை இவ்வளவு, மூன்று ஜார் மாடல் இவ்வளவு என்று பட்டியல் நீளும். அது அட்டவணையை வாக்கியமாக மாற்றியதே தவிர வேறில்லை. ஓர் எண் எதோடு ஒப்பிட்டு, எந்தத் திசையில், எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொன்னால்தான் அது கண்டறிதல். மூன்று, அதிகம் போனால் நான்கு. ஐந்தாவது வந்தால் முதல் மூன்றில் ஒன்று தேவையற்றது என்று பொருள், அல்லது அந்த ஐந்தாவது இணைப்புக்குரியது.

கண்டறிதல் முதலில் வருவது பொருந்தாத சந்தர்ப்பமும் இருக்கிறது. கணக்கு எடுக்கும் முறையே இந்தக் காலாண்டில் மாறியிருந்தால், உதாரணமாகத் திரும்பி வந்த சரக்கைக் கழிக்கும் விதம் மாறியிருந்தால், அந்த ஒரு வரி எண்களுக்கு முன்னால் வந்தாக வேண்டும். அதைத் தெரியாமல் எண்ணைப் படித்தால் தவறாகவே படிப்போம். அதைத் தவிர வேறு எந்த முன்னுரையையும் கண்டறிதலுக்கு முன்னால் வைக்கத் தேவையில்லை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். விளக்கப் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு, விற்பனைப் பிரிவில் இல்லாத ஒருவரிடம், கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் என்றால் இன்னும் நல்லது, மேல் பகுதியை மட்டும் காட்டுங்கள். என்ன நடந்தது, என்ன முடிவு கேட்கிறார்கள் என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஏன்?" என்று கேட்டால் சுருக்கம் சரியாக வந்திருக்கிறது, அதற்கான பதில் கீழே இருக்கிறது. "அப்படின்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால் திரும்பவும் எழுதுங்கள்.

பழைய ஆறு பக்க அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மண்டலவாரி விவரமும், வெள்ளத்தில் நனைந்த சரக்கின் பட்டியலும், பத்து நாள் பில்களும் அதில்தான் இருக்கின்றன. அதை இணைப்பாகச் சேர்த்து, சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து அனுப்புங்கள்.